காப்பை அடகு வைக்கிறதுக்கு முதல்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை விட்டிட்டு சொஃப்ட்வெயார் படிக்கப் போறன் என்று சொல்லும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு என்னுடைய தம்பி நெளுக்குளம் வீட்டுக்கு வந்தான். வயது 29. வவுனியா டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் காசாளர். உயர்தரம் வர்த்தகப் பிரிவு. கல்யாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருக்கிறது. "லாத்தா, கொழும்பில ஒரு பூட்கேம்ப். ஆறு மாசம். முடிச்சா வேலை நிச்சயமாம். உங்கட காப்பை கொஞ்ச நாளைக்கு அடகு வைப்பமா?" என்று கேட்டான்.

எனக்குக் கணினி பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு தொழிலை ஆட்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது தெரியும். பூந்தோட்டம் கல்வியியற் கல்லூரியில் நாங்கள் இரண்டு வருசம் உள்ளே இருந்து படித்தோம். மூன்றாம் வருசம் கட்டுறுபயில்வு. உளவியல், பாடத்திட்டம் எல்லாம் அந்த இரண்டு வருசத்தில் மனப்பாடம். ஆனாலும் நான் டீச்சரானது மூன்றாம் வருசத்தில்தான். விரிவுரையாளர் வகுப்புக்குப் பின்னால் கொப்பியோடு இருந்து, "நீங்க கேள்வி கேட்டு மூணு செக்கனுக்குள்ள நீங்களே பதிலும் சொல்றீங்க" என்று எழுதித் தந்தாரே, அந்த நாளில்தான்.

அதனால் தம்பியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "அந்த ஆறு மாசத்தில நீ எழுதுறத யார் வாசிச்சுத் திருத்துவாங்க?" அவனுக்குப் பதில் தெரியவில்லை. முந்திய பிரிவில் படித்த ஒரு பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டான். வகுப்பெல்லாம் சூமில், ஒரே நேரத்தில் அறுபது பேர். கடைசியில் எல்லாரும் செய்தது ஒரே மாதிரியான ஒரு கடைத் தளம். யாருடைய கோடையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் சான்றிதழ் இருக்கிறது, வேலை இன்னும் கிடைக்கவில்லை. காப்பு என் கையிலேயே நின்றது.

பூட்கேம்ப் எல்லாமே பிழை என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் தொடங்கிய உகி பற்றிப் பலருக்குத் தெரியும். அது பாடசாலையை விட்டு வந்த இளைஞருக்கான முழுநேரப் பயிற்சி. முழுநேரம் என்பதுதான் அதன் பலம். தினமும் போக வேண்டும், பக்கத்தில் கூட்டாளிமார் இருப்பார்கள், தவறினால் கேட்க ஆள் இருக்கும். ஆனால் சம்பளத்தை நிற்பாட்ட முடியாத ஒரு குடும்பக்காரனுக்கு அந்தப் பலம் கிடைக்காது.

தம்பி தானாகவே படிக்கத் தொடங்கினான். சுபஹ் தொழுதுவிட்டு ஒரு மணித்தியாலம், கடை பூட்டி வந்து ஒரு மணித்தியாலம். open.uom.lk என்ற மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தளத்தில் பைதன் இலவசமாக இருக்கிறது, அதைப் பிடித்தான். இரண்டு மாசம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள், "வீடியோ ஓடேக்க எல்லாம் விளங்குது லாத்தா, மூடிட்டு வெறும் பக்கத்தத் திறந்தா கை ஓடுதில்ல" என்றான். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு வருகிற அதே வருத்தம். தானாகப் படிக்கிறவர்கள் அதிகம் விழும் இடமும் இதுதான். வீடியோவைப் பார்த்து முடித்ததைப் படித்து முடித்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

"உன்ட கடைக்கே ஒண்டு செய்" என்று சொன்னேன். முதலாளியின் கடன் கொப்பியைக் கணினியில் போடத் தொடங்கினான். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், எடுத்த சாமான், தர வேண்டிய காசு. இவ்வளவுதான். முதல் கிழமையே முதலாளி சத்தம் போட்டார், நம்பர் எல்லாம் பிழையாம். பார்த்தால், போன் நம்பரை அவன் எண்ணாக மாற்றிச் சேமித்திருந்தான்:

```python
>>> int("0770000000")
770000000
```

முன்னால் இருந்த பூச்சியம் போய்விட்டது. இதில் கணினியின் பிழை எதுவும் இல்லை. எண் என்றால் முன்னால் வரும் பூச்சியத்துக்குப் பெறுமதி கிடையாது. ஆனால் போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அது ஒரு பெயர் மாதிரி. எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும். இதைத் திருத்த ஐந்து நிமிசம்தான் போனது.

அடுத்ததுதான் பெரிய அடி. ஒரே வீட்டு நானாவும் தம்பியும் தனித்தனியாகச் சீமெந்து எடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் கொடுத்தது உம்மாவின் ஒரே நம்பர். ஆளை நம்பரை வைத்து அடையாளம் காணும்படி அவன் எழுதியிருந்ததால் இரண்டு பேரின் கடனும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டது. திரையில் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. நானா வந்து, "நான் எடுக்காத சீமெந்துக்கு ஏன் காசு?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத ஒரு இலக்கம் தனியாகக் கொடுத்து, போன் நம்பரை அதன் கீழே ஒரு விவரமாக வைக்க வேண்டியிருந்தது. பாதி வேலையைத் திரும்ப எழுதினான், மூன்று கிழமை எடுத்தது. பூட்கேம்பின் அந்தக் கடைத் தளத்தில் இது வந்திருக்காது. ஏனென்றால் அங்கே சீமெந்து வாங்க உண்மையான ஆள் ஒருவரும் வரவில்லை.

அந்த மூன்று கிழமையில்தான் அடிப்படை படிக்க வேண்டும் என்று அவனுக்கே பட்டது. தரவுத்தளம் என்று ஒரு பாடமே இருக்கிறதாம், இந்த ஆள் இலக்கப் பிரச்சினையை எல்லாம் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்களாம். உள்வாரிப் பட்டத்துக்கு இசட் புள்ளி வேண்டும், அந்தக் காலம் அவனுக்கு முடிந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் வெளிவாரிப் பட்டமான பிஐடியில் சேர்ந்தான். வேலை செய்துகொண்டே படிக்கலாம். முதலாம் வருசத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருசத்துக்கு உயர் டிப்ளோமா, மூன்றாவதுக்குப் பட்டம். இடையில் நிற்க வேண்டி வந்தாலும் கையில் ஒன்று இருக்கும். குடும்பக்காரனுக்கு இது பெரிய விசயம். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். எழுப்பிவிட ஆள் இல்லை, தவணையைத் தள்ளிப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பரீட்சையில் சித்தியடைந்தும் ஒரு சின்னச் சாமான்கூடச் செய்து பார்க்காதவர்களும் அதில் வெளியே வருகிறார்கள்.

கட்டுறுபயில்வுக்கு வழி? எங்கள் சொந்தத்தில் கொழும்பில் சொஃப்ட்வெயார் வேலை செய்யும் ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் தம்பியின் கோடை வாசிக்கச் சம்மதித்தார். அவருடைய முதல் குறிப்பு: "இந்த ஃபங்ஷன்ட பேரப் பார்த்தா என்ன செய்யுதெண்டு விளங்கல்ல." எனக்கு என்னுடைய விரிவுரையாளரின் கொப்பி ஞாபகம் வந்தது.

இன்றைக்கும் தம்பி அதே கடையில் காசாளர்தான். பிஐடி முதலாம் வருசம் ஓடுகிறது. வேலை கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான், இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நேர்முகத்தில் "நீ செய்ததில் எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் அவனிடம் சொல்லச் சீமெந்துக் கதை இருக்கிறது.

அதனால் யாராவது "டீச்சர், எந்த கோர்ஸ் நல்லம்?" என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் மூன்று மாசம் காசில்லாமல் தானாகப் படியுங்கள், வேலையை விடாதீர்கள். வீடியோவை மூடிவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் உண்மையான வேலைக்கு ஒன்று செய்து கொடுங்கள். அது உடையும்போது திருத்திக்கொண்டு இருக்க மனம் வந்தால் பட்டத்துக்கோ பூட்கேம்புக்கோ காசு கட்டுங்கள். கட்டும் முன்னர், நீங்கள் எழுதுவதை யார் வாசிப்பார் என்று கேளுங்கள். பெயர் சொல்லி ஒரு ஆளைக் காட்டாத இடத்துக்காக யாருடைய காப்பையும் கழற்ற வேண்டாம்.

தம்பிக்கு துஆ செய்யுங்கள். வவுனியாப் பக்கம் இந்தத் துறையில் இருக்கும் யாராவது இதை வாசித்தால், மாசத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளையின் கோடை வாசித்துக் கொடுங்கள். அது பெரிய நன்மை.