துளி முத்துவின் பயணம்

மூன்றாம் வகுப்புத் தங்கைகளுக்குக் கதை ஒன்று எழுதித் தருமாறு எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்டார்கள். நாங்கள் நீர்த்துளியின் கதையை எடுத்துக்கொண்டோம். பாடப் புத்தகத்தில் கடலிலிருந்து மேகத்துக்கு ஓர் அம்பு, மேகத்திலிருந்து மலைக்கு ஓர் அம்பு, மலையிலிருந்து கடலுக்கு ஓர் அம்பு என்று வட்டம் போட்டிருக்கும். எங்களுக்கோ நம் தாமிரபரணியில் நடப்பதைச் சொல்ல ஆசை.

முதலிலேயே ஒரு சிக்கல். கடலுக்குள் துளி என்று தனியாக ஏது? எனவே கண்ணுக்கே தெரியாத நீர்த்துகள் ஒன்றுக்கு முத்து என்று பெயர் வைத்தோம். ஒரு துளிக்குள் எண்ண முடியாத அளவு முத்துக்கள் உண்டு. இனிக் கதை.

அது அக்டோபர் மாதம். வங்கக் கடலின் மேற்பரப்பில் முத்து குதித்துக் கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற அவளுடைய குதிப்பும் வேகமாயிற்று. ஒரே தாவில் காற்றோடு கலந்துவிட்டாள். கடல் கொதிக்கவேண்டாமா என்று கேட்காதீர்கள், தங்கைகளே. கொடியில் போட்ட சீருடையை யார் கொதிக்க வைத்து உலர்த்துகிறார்கள்? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பினால் முத்துவைப்போல் ஆவியாகித் தாவ முடியவில்லை. அது கீழேயே நின்றுவிட்டது.

இப்போது முத்துவைப் பார்க்க முடியாது. நீராவிக்கு நிறமில்லை. கெட்டில் கொதிக்கும்போது மூக்கை ஒட்டிச் சிறிது இடம் வெறுமையாகத் தெரியும். நீராவி அங்கேதான் இருக்கிறது. அதற்கப்பால் வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து நீராகிவிட்ட பொடித் துளிகள். (அடுப்பருகே போகாமல் தூர நின்று, அம்மாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.)

வடகிழக்குக் காற்று முத்துவைக் கரைக்குக் கொண்டு வந்து பொதிகை மலையில் மோதவிட்டது. வழியில்லாமல் காற்று மேலே ஏறியது. மேகம் கட்டும் உயரம் வரைக்கும், ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்து டிகிரி குளிரும். முத்துவுக்கு நடுக்கம் எடுத்தது. நீராக மாறலாம் என்றால் ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டுமே! தூசியோ புகைப்பொடியோ இருந்தாலும் போதும். அவளுக்குக் கிடைத்தது ஓர் உப்புப் பொடி. அலை சிதறியபோது தெறித்த கடல்நீர் காற்றில் காய்ந்து மிதந்து வந்த உப்பு அது. கீழே நின்றுவிட்ட உப்பு, வேறு வழியாக வந்து அவளுக்கு இடம் கொடுத்தது. இந்த இடத்தில்தான் எங்கள் கதை எங்களுக்கே பிடித்துப்போயிற்று.

இப்படி ஒட்டிக்கொண்டவர்கள் சேர்ந்ததுதான் மேகத்துளி. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியது விழாது; மேலேறும் காற்றே தாங்கிக்கொள்ளும். ஒரு மழைத்துளி ஆக, அப்படிப்பட்ட மேகத்துளிகள் சுமார் பத்து லட்சம் சேரவேண்டும். அதற்குள் மேகம் மலையைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இறங்கினால் காற்று சூடாகும். மேகம் கரைந்து போகும். முத்து மறுபடியும் வெறும் ஆவிதான். மழை பெய்யாமலே கரைகிற மேகங்கள் ஏராளம். நல்ல வேளையாக, மேலிருந்து வந்த ஒரு பெரிய துளி இடித்து அவளையும் சேர்த்துக்கொண்டது. இடிக்க இடிக்கப் பருத்து, காற்றால் தாங்க முடியாமல், ‘தொப்’பென்று காட்டில் விழுந்தது.

உடன் வந்தவர்களில் பலர் இலையிலேயே உலர்ந்து வானுக்குத் திரும்பினார்கள். முத்து மண்ணுக்குள் இறங்கினாள். வேர்களுக்கிடையே மெதுவாக ஊர்ந்து, பல வாரங்கள் கழித்து ஓர் ஊற்றாக வெளியே வந்தாள். மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது இப்படித் தாமதமாக வருகிறவர்களால்தான். பிறகு பாபநாசம் அணை, அதன்பின் பாளையங்கால்வாய், கடைசியில் ஒரு பிசான நெல்வயல்.

இங்கே எங்களுக்குள் சண்டை வந்தது. முத்துவைப் புன்னைக்காயல் வழியாகக் கடலுக்கு, வீட்டுக்கு, அனுப்பிவிட வேண்டும் என்றார்கள் பாதிப்பேர். குழந்தைகள் அழுவார்களாம்! ஆனால் வயலுக்குள் வந்த நீரில் பெரும்பகுதி கடலைப் பார்ப்பதில்லை. பயிர் உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலையின் நுண்துளைகள் வழியே காற்றுக்கே போய்விடுகிறது. கை தூக்கி வாக்கெடுத்தோம். வயல்தான் வென்றது.

ஆகவே முத்து வேரில் நுழைந்து, தண்டில் ஏறி, ஒரு நெல் இலையின் துளைவழியே வெளியே வந்தாள். காற்றில் ஏறிய நீராவி சராசரியாக ஒன்பது பத்து நாட்கள்தான் அங்கே தங்கும். அதற்குள் எங்காவது மழையாகவோ பனியாகவோ இறங்கவேண்டும். அப்போது ஜனவரி மாதம். வடகிழக்குக் காற்று இன்னும் நிற்கவில்லை. அதனால் அவளை மேற்கே, மலைக்கு அப்பால், அரபிக்கடல் பக்கம் அனுப்பிவைத்தோம்.