இரண்டாம் பாகம்

பழைய புத்தக வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை ஒரு முறையாவது அருகிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலுடன், திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலை என்று பெரியவர்கள் இன்னமும் வழங்குகிற பாரதி சாலையில், நடைபாதையை ஒட்டியிருந்த ஒரு சின்னஞ்சிறு கடையின் முக்காலியில் பல மாலைகள் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவருடைய தகப்பனார் மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். 1985-இல் அந்தக் கட்டடம் தீக்கிரையானபோது சரக்கையெல்லாம் இழந்து, எஞ்சிய வாடிக்கையாளர்களின் பெயர்களை மாத்திரம் மனத்தில் சுமந்துகொண்டு இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தவர்.

இந்தத் தொழிலில் விற்பது சுலபம், வாங்குவதுதான் கடினம் என்பது பாயின் அபிப்பிராயம். காலி செய்த வீடுகளிலிருந்து பழைய பேப்பர் கடைகளுக்கு வந்து சேரும் மூட்டைகளைக் காலையில் போய்ப் பிரித்துப் பார்த்து, எடைக்கு வாங்கி, தம்முடைய மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். வந்த சரக்கில் பாதிக்குமேல் பள்ளிக்கூட கைடுகளும் காலாவதியான போட்டித் தேர்வுப் புத்தகங்களுமாகவே இருக்கும். அவை திரும்பவும் காகிதமாகிவிட வேண்டியவை. மிஞ்சுகிறவற்றை அவர் பரிசோதிக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. அட்டை கிழிந்திருப்பதையோ, உள்ளே எவரோ பேனாவால் கோடு கிழித்திருப்பதையோ அவர் பொருட்படுத்துவதில்லை. புத்தகத்தின் முதுகை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, வலது கட்டைவிரலால் பக்கங்களை விசிறிவிட்டு, பதினாறு பக்கங்களுக்கு ஒரு முறை பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் அச்சாகியிருக்கும் பாரத்தின் எண்ணை மாத்திரம் அவர் கண்கள் தொட்டுக்கொண்டு போகின்றன. ஒரு பெரிய தாளில் அச்சடித்து மடித்தெடுத்த பதினாறு பக்கங்கள் ஒரு பாரம். பைண்டர் வரிசை தவறாமல் அடுக்கித் தைப்பதற்காகப் போடப்பட்ட அந்த எண்தான், ஐம்பது வருஷங்களுக்குப் பிற்பாடு, புத்தகம் முழுசா மூளியா என்பதை இவருக்குச் சொல்லிவிடுகிறது. நூல் தளர்ந்தால் ஒற்றைப் பக்கமாக உதிர்வதில்லை, பாரம் பாரமாகவே கழன்று போகும். ஆகையால், ஒரு பாரம் இல்லையென்றால் பதினாறு பக்கங்கள் இல்லை.

பரிசோதனை முடிந்ததும் முன்னட்டையின் உட்புறம் மேல் மூலையில் பென்சிலால் விலையை எழுதுகிறார். மையால் எழுதுவது பாவம் என்றே அவர் நினைக்கிறார். அடுத்த கைக்குப் போகும்போது அழிக்க முடியாதல்லவா?

கடைக்கு வருகிறவர்களை அவர் நடத்தும் முறையையும் கவனித்து வந்தேன். புதிய புத்தகக் கடைகளில் காலெடுத்து வைத்ததுமே "என்ன வேணும் சார்?" என்று எதிர்கொள்ளும் வழக்கம் இவரிடம் கிடையாது. அதன் காரணத்தை அவர் எனக்கு ஒரு நாள் விளக்கினார்: "பழைய புத்தகக் கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு என்ன வேணும்னு தெரியாது சார். கண்ணுல பட்டாத்தான் தெரியும். என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒண்ணுமில்லைன்னு சொன்ன கடைக்குத் திரும்பி வரக் கூச்சமா இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் போன திசையில்தான் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். பதினான்கு, பதினைந்து வயதிருக்கலாம். பள்ளிச் சீருடை, தோளில் கனத்த பை. நாலரை மணி சுமாருக்கு வருவான். கடையின் இடது கோடியில், விஞ்ஞானப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் பலகையருகே நிற்பான். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விடுவான். அவன் வரும்போது பாய் நிமிர்ந்து பார்த்து, "வா தம்பி" என்பார். போகும்போது ஒன்றும் சொல்லமாட்டார். பையன் தலையை அசைப்பான். கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள் முதலாக, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக இதுதான் அவ்விருவருக்குள் நடந்த சம்பாஷணை முழுவதும்.

பையன் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்ற நூலின் முதற்பாகம். மாஸ்கோவிலிருந்த மீர் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய விஞ்ஞான நூல்களில் ஒன்று அது. ருஷ்ய மொழியில் 1913-இல் முதன்முதலாக வெளிவந்த அந்த நூல், புதிர்களையும் எளிய சோதனைகளையும் கொண்டு பௌதிகத்தின் அடிப்படைகளைச் சொல்லிச் செல்வது. சோவியத் நாடு 1991-இல் கலைந்ததோடு அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றுபோயிற்று. தைத்துக் கட்டிய கெட்டியான கட்டமைப்பின் காரணமாக, அக்காலத்தில் சொற்ப விலைக்கு விற்ற அவை இன்னமும் பழைய கடைகளில் குலையாமல் தென்படுகின்றன. சேகரிப்பவர்கள் தேடி வருவதால் இப்போது அவற்றுக்கு நல்ல விலையும் உண்டு.

பையன் எந்தப் புத்தகத்தைப் படிக்கிறான் என்பது பாய்க்கு ஆரம்பத்திலேயே தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பது தெரிந்ததுதான் விசேஷம். ஒரு நாள் பையன் புத்தகத்தைத் திறந்தபடியே பலகைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தியிருந்த பாயின் வண்டியிடம் போனான். சக்கரத்தின் உச்சியில் ஒரு கோடும், தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடும் போட்டான். ஒரு குச்சியின் அடியைக் கற்குவியலில் ஊன்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தான். பிறகு வண்டியை ஒரு சாண் தூரம் மெல்ல நகர்த்தினான். உச்சியிலிருந்த கோடு குச்சியை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது. அடியிலிருந்த கோடோ குச்சியருகிலேயே, கொஞ்சம்தான் அசைந்து, நின்றது. உருளும் சக்கரத்தின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிட வேகமாகப் போகிறது என்பதை நிரூபிக்க அந்த நூலின் ஆரம்ப அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டிருக்கும் சோதனை அது. பையன் வண்டியைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்து, கோடுகளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தான். பாய் பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. ஆனால் மறுநாள் காலையில் சரக்கை இறக்கி அடுக்கும்போது, பலகை முழுவதையும் மாற்றியமைத்தவர், அந்த ஒரு புத்தகத்தை மட்டும் பையனுடைய கைக்கு எட்டும் அதே இடத்தில், அதே அண்டைப் புத்தகங்களுக்கு நடுவில், கவனமாகத் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன். படிக்கிறவன் தேடும்படி வைத்தால் அவனுக்குக் கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் வரும், நிர்ப்பந்தம் வந்தால் நின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு.

இதனிடையே ஒரு சங்கடம் நேர்ந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பாயின் நெடுநாள் வாடிக்கையாளர், பலகையில் அந்த நூலைக் கண்டு மகிழ்ந்து, தம்மிடம் இரண்டாம் பாகம் மட்டும் வெகுகாலமாகச் சோடியில்லாமல் கிடப்பதாகவும், குறித்திருந்த எண்பது ரூபாய்க்கு மேலாகவே தருவதாகவும் சொல்லி விலைக்குக் கேட்டார். கையில் வந்த காசை எவன் விடுவான்? பாய் விட்டார். "அது ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்காரு சார். அவர் முடிவு சொன்னதும் உங்களுக்குத்தான்" என்றார். அந்த ஒருத்தருக்கு மீசை கூட அரும்பவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது.

பையன் கேட்டது ஒரு மழைநாளில். தார்ப்பாயின் கீழ் நாங்கள் மூவருமே ஒதுங்கியிருந்தோம். புத்தகத்தை மூடி அதனிடத்தில் வைத்தவன், வழக்கம்போல் போகாமல், பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

"பாய், இதோட ரெண்டாம் பாகம் இருக்குங்களா?"

முதற்பாகத்தை விலைக்குக் கேட்பான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பாய் அப்படி எதிர்பார்த்ததாகத் தோன்றவில்லை. "முதல் பாகம் முடிஞ்சிடுச்சா?" என்றார். பையனுடைய முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாளும் இனாமாகப் படித்ததற்குக் கணக்குக் கேட்கிறார் என்று எண்ணிவிட்டான் போலும். "முடிச்சுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னான். "இப்ப இல்ல. தேடித் தர்றேன். பத்து நாள் கழிச்சுக் கேளு" என்று சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கேட்டும் கிடைக்காத புத்தகங்களின் ஜாபிதா அது. காலையில் மூட்டை பிரிக்கப் போகும்போது அவர் சட்டைப்பையில் அந்த நோட்டும் போகிறது.

இரண்டு பாகமுள்ள நூல்கள் பிரிந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரவல்தான். ஒரு பாகம் இரவல் போன வீட்டிலேயே தங்கிவிடும். பிறகு இரண்டு வீடுகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேப்பர் கடைகளுக்குப் போடும். ஆகவே ஒரே கடையில் தேடிப் பயனில்லை. பாய் தமக்குப் பழக்கமான கடைகளுக்கெல்லாம் சொல்லிவைத்தார். கடைசியில் ஒரு மூட்டையின் அடியில் இரண்டாம் பாகம் அகப்பட்டது. நான் அன்று உடனிருந்தேன். வழக்கம்போல் உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலால் விசிறியவர், பாதியில் நிறுத்தி, திரும்பவும் விசிறினார். நடுவே ஒரு பாரம் இல்லை.

குறையோடு விற்கலாம், வாங்குகிறவன் பையன், வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பான். அப்படிச் செய்கிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. பாய் அந்த ஆசிரியருக்குப் போன் செய்தார். பையன் முதற்பாகத்தை முடித்துவிட்டதால் அது இனி அவருக்கு விற்பனைக்குத் தயார், குறித்த விலைக்கு ஒரு காசும் மேலே வேண்டாம், ஆனால் அவரிடமுள்ள இரண்டாம் பாகத்தை ஒரு மணி நேரம் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியர் சந்தோஷமாகக் கொண்டுவந்தார். இல்லாத பதினாறு பக்கங்களையும் எதிரிலிருந்த கடையில் ஜெராக்ஸ் எடுத்து, தாளின் இரு புறமும் பக்கம் மாறாமல் வருகிறதா என்று சரிபார்த்து, மூலத்தின் அளவுக்கு வெட்டி, நடுவில் மடித்து ஊசியால் தைத்து, முன்னும் பின்னுமுள்ள பாரங்களோடு மெல்லிய பசைக் கீற்றால் பாய் ஒட்டினார். பசை முதுகோரத்துக்கு அப்பால் கசிந்தால் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொண்டு கிழியும் என்பதால், இடையில் மெழுகுத்தாள் கொடுத்து, மேலே நாலைந்து தடித்த அகராதிகளைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு வைத்திருந்தார்.

பையனிடம் கொடுக்கும்போது முதலில் குறையையே காட்டினார். "இந்தப் பதினாறு பக்கம் ஜெராக்ஸ். படிக்கறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா புத்தகம் முழுசு கிடையாது. அதனால முப்பது ரூபா." பையன் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தான், பார்த்துவிட்டுச் சீருடையின் பையிலிருந்து மடித்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவனைக் காணவில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவன் கடைக்கு எதற்கு வருவான்? விஞ்ஞானப் பலகையில் முதற்பாகம் இருந்த இடத்தில் பாய் வானசாஸ்திர நூல்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்குக் காரணம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவன் திரும்பி வந்த மாலை, "வா தம்பி" என்றார் பாய். இந்தத் தடவை பையன் பலகையின் பக்கம் போகாமல் நேரே மேஜையருகில் வந்து நின்று, கிரகணத்தைப் பற்றி விவரமாக ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று விசாரித்தான். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இருக்கு. தமிழ்ல வேணுமா, இங்கிலீஷ்ல வேணுமா?"