பள்ளத்தைப் படிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு ரெக்கார்டு நோட்டு கைக்கு வந்தது. நாப்தலினில் கரைத்த கந்தகம். உறைநிலைத் தாழ்வு 1.348 டிகிரி. பத்தில் ஒரு டிகிரிக்குக் கோடு போட்ட தெர்மாமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை யார் படித்தது? விடை 256 என்று முதலிலேயே எழுதி, பின்னாலிருந்து போட்ட கணக்கு. வயிறு எரிந்தது.

கள்ளக்குறிச்சியிலும் பிறகு கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலும் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மலைக்கு ஐஸ் கொண்டுபோனால் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். அதனால் எங்கள் கரைப்பான் நாப்தலின், பாச்சை உருண்டைதான். 80.2 டிகிரியில் உறைவதால் வெந்நீரே போதும். மாறிலி 6.9, நீருக்கோ 1.86தான். கடை உருண்டை 53 டிகிரியில் உருகினால் அது பாராடைகுளோரோபென்சீன், வேறு வாங்குங்கள்.

பத்து கிராம் நாப்தலினில் அரை கிராம் கந்தகம். அடியில் ஒரு மணிகூட மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் தாழ்வு குறைந்து மோலார் நிறை ஏறிவிடும். இதெல்லாம் சுலபம். என்னைப் பல வருடம் ஆட்டிவைத்தது மீக்குளிர்வு.

உறைய வேண்டிய இடத்தில் கரைசல் உறையாது. திரவமாகவே இன்னும் கீழே இறங்கி, முதல் படிகம் தோன்றியதும் வெப்பநிலை சட்டென மேலேறும். வரைபடத்தில் அது ஒரு பள்ளம். அந்த அடிமட்டத்தைத்தான் பிள்ளைகள் உறைநிலை என்று படிப்பார்கள். ஒருமுறை அப்படி 78.2 வந்தது. தாழ்வு 2.0, மோலார் நிறை 172. கந்தக அணுவின் நிறை 32. வகுத்தால் ஐந்தரை அணு! மார்கழிக் காற்றில் குழாயை வெறுமனே நிறுத்தினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

எங்கள் ஆய்வக உதவியாளர்தான் வழி காட்டினார். குழாயை இன்னொரு பெரிய குழாய்க்குள் நிறுத்தி, நடுவில் காற்றை விட்டு, மெல்ல ஆறவைப்பார். 79க்குச் சற்றுக் கீழே இறங்கியதும் கடுகளவு திட நாப்தலினைப் போட்டு, "இப்போ பாருங்க சார்" என்பார். பள்ளம் சுருங்கிவிடும். ஏறிய பின்பும் கோடு மட்டமாக நிற்காது. நாப்தலின் மட்டும் உறைந்து பிரிய, மிச்சக் கரைசல் அடர்ந்துகொண்டே போகும், உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே அந்தச் சரிவை அடிக்கோலால் பின்னோக்கி நீட்டி, குளிரும் கோட்டைச் சந்திக்கும் புள்ளியைப் படிக்க வேண்டும்.

அதே கரைசலில் அப்படிப் படித்தபோது 78.8. தாழ்வு 1.4, மோலார் நிறை 246. 32ஆல் வகுத்தால் 7.7. தாழ்வில் பத்தில் ஒரு டிகிரி பிசகினால் அது 230 ஆகலாம், 265உம் ஆகலாம். அதனால் எட்டு அணு என்று எழுதும் முன் மூன்று தடவையாவது உருக்கி உறையவைப்போம்.

அந்த ரெக்கார்டு நோட்டில் வரைபடத்தாளே ஒட்டியிருக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.