அக்காவுக்கு ஒரு விடைபெறும் கடிதம்

கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவிலிருந்து நான் விலகியபோது, விடைபெறும் கடிதம் எழுதுவதற்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு என்பதைக் கற்றுக்கொண்டேன். கற்றுத் தந்தவர், எங்கள் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார். பணி விலகுபவர்கள் பலரும் தங்கள் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

என் சிக்கல் இது. எனக்கு வேலை கற்றுத் தந்த அக்காவை விட்டுவிட்டு, பதவி உயர்வை எனக்குத் தந்திருந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு பேச்சு, வேலை அளவில் நின்றுபோனது. இப்போது நான் கிளம்பினால், புது ஆள் வரும்வரை என் வேலையும் அவர் தலையில்தான் விழும்.

சார் முதலில் வரிசையைச் சொன்னார். "எல்லாருக்கும் போற மெயிலைப் பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. மேலாளரிடம் சொன்ன அன்னிக்கே நேர்ல சொல்லிடு. பாக்கி வேலைப் பட்டியலை அடுத்துக் கொடு. கடிதம் கடைசி." பட்டியலில் எதையும் மறைக்கக் கூடாது என்றார். 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பில் வராத சப்ளையர்கள், அங்கே யாரிடம் பேச வேண்டும் என்பது வரை எழுதினேன். பட்டியல் அரைகுறையாக இருந்தால், பிறகு எழுதும் அன்பான வரி ஒவ்வொன்றும் பொய்யாகிவிடும் என்பது அவர் கருத்து.

பொது மெயிலில், "அக்கா இல்லையென்றால் நான் இல்லை" என்று எழுதியிருந்தேன். சார் அதை அடித்தார். பதவி உயர்வுக் கதை தெரிந்தவர்கள் இதை ஆறுதல் பரிசாகப் படிப்பார்கள். மேலாளரோ என் வேலையை அக்காதான் செய்தார் போலிருக்கிறது என்று நினைப்பார். இரண்டும் அக்காவுக்குச் சங்கடம். வேலை கற்றுத் தந்தவர்கள் வரிசையில் அவர் பெயரையும் வைத்து, மற்றவர்களுக்கு எழுதிய அதே நீளத்தில் ஒரே வாக்கியம் எழுதச் சொன்னார்.

அக்காவுக்கு மட்டுமான கடிதத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். முதல் வரைவில் இருந்தது: "உங்களுக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்." சார் கேட்டார்: "இதுக்கு அவங்க என்ன பதில் எழுத முடியும்? 'அதெல்லாம் ஒண்ணுமில்லை'ன்னு. மனசுல இருக்கோ இல்லையோ, எழுதித்தான் ஆகணும். அவங்க வாயால சொல்லாததை நீ எழுத்துல போடாதே." அடுத்து, "எப்போதும் தொடர்பில் இருப்போம்" என்ற வரி. நிறைவேறாத வாக்கு பிறகு மனக்குறையாகிவிடும் என்று அதையும் எடுத்தார். புது வேலை பற்றிய வரியும் போனது. அங்கேயே இருக்கப்போகிறவரிடம் அதைச் சொல்வதில் பயன் இல்லை.

என்னதான் மிச்சம்? அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த, உண்மையான ஒரு வேலைச் சம்பவத்தைத் தேடச் சொன்னார். கிடைத்ததும் கடிதம் இப்படி முடிந்தது:

"அக்கா, வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறேன். நான் சேர்ந்த புதிதில் பேங்க் கணக்கு டேலி ஆகாமல் திணறியபோது, மொத்தத்தைப் பார்க்காதே, கடைசியாகச் சரியாக இருந்த தேதியிலிருந்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வா என்றீர்கள். இரண்டு முறை பதிவான காசோலை அப்படித்தான் அகப்பட்டது. இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். பட்டியலில் ஏதாவது புரியாவிட்டால் எந்த நேரமும் கூப்பிடுங்கள். ஆடிட் முடிந்ததும் நானே ஒருமுறை போன் செய்கிறேன்."

கடைசி வரியைச் சார் விளக்கினார். வாக்குக் கொடுப்பது நான், நிறைவேற்ற வேண்டியதும் நான். காலமும் குறித்தாயிற்று. அக்கா எதுவும் செய்ய வேண்டியதில்லை, பதில்கூட எழுத வேண்டாம்.

கடிதத்தால் ஆகாததையும் அவர் சொன்னார். உண்மையிலேயே ஒருவருக்கு அநியாயம் செய்திருந்தால் அதை நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். இருக்கும் நட்பு மேலும் கெடாமல் காப்பது மட்டுமே கடிதத்தின் வேலை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சப்ளையர் பில் பற்றிக் கேட்க அக்கா போன் செய்தார். வேலை பேசி முடித்த பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். பதவி உயர்வுக்குப் பின் அவர் அப்படிக் கேட்டதில்லை. ஆடிட் முடிந்ததும் சொன்னபடி நானும் பேசினேன்.

நீங்கள் கிளம்பும் நாளில் இப்படி ஒருவர் அங்கே இருந்தால், எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் ஒருமுறை அவராக இருந்து படித்துப் பாருங்கள். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய வரி எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.