ரிமோட்டும் செல்ஃபி கேமராவும்



நேற்று எங்கள் வீட்டு டிவி ரிமோட் படுத்துவிட்டது. படுக்கையில் இருக்கும் என் அம்மாவுக்கு அந்த டிவிதான் துணை. புது பேட்டரி வாங்கிப் போட்டும் அசையவில்லை. வேறு ரிமோட் வாங்கிவிடலாம் என்றான் மகன். இத்தனை வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவனுக்கு மனசு கேட்குமா?

ரிமோட் முனையில் உள்ள குட்டி பல்பு விடுவது அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவுக்குத் தெரியும். பட்டனை அழுத்தியபடி பின்பக்கக் கேமராவில் பார்த்தேன். ஒன்றுமில்லை. நன்றாக வேலை செய்யும் ஏசி ரிமோட்டையும் காட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை! பல போன்களில் பின்பக்கக் கேமரா அந்தக் கதிரை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவுக்கு மாற்றியதும் ஏசி ரிமோட் ஊதாவாக மினுக்கியது. டிவி ரிமோட் மட்டும் இருட்டு. ஆக, ரிமோட்டில்தான் கோளாறு.

பேட்டரியைக் கழற்றி டார்ச் அடித்தேன். மைனஸ் பக்கச் சுருள்கம்பியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய பேட்டரி கசிந்த வேலை. புது பேட்டரி போட்டபோது அதை நான் கவனிக்கவே இல்லை. பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் கம்பி பளிச்சிடும்வரை லேசாகத் தேய்த்தேன். அமுங்கிக் கிடந்த சுருளைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, அரைமணி நேரம் காயவைத்தேன்.

பேட்டரி போட்டு செல்ஃபி கேமரா முன் அழுத்தினேன். மினுக்கியது.

(ப்ளூடூத் ரிமோட் வைத்திருப்பவர்கள் பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். மற்ற பட்டன்களுக்கு ஒளி வராமல் இருக்கலாம்.)

"பாதி சீரியல் போச்சுடா, சீக்கிரம் போடு" என்றார் அம்மா.