முதலில் மறைவது புள்ளிதான்

கைபேசியில் எடுத்த படம் மங்கினால் எல்லா எழுத்தும் ஒரே அளவில் மங்குவதில்லை. முதலில் காணாமற்போவது புள்ளி.

மூத்தம்மாவின் குளிசை அட்டையை இரவில் தம்பி படமெடுத்து மருந்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் இருந்தது 2.5 மில்லிகிராம். படத்தில் தெரிந்ததோ 25. கடைக்காரர் நல்ல மனிதர், "புள்ளி இருக்கா, இல்லையா? திரும்ப எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் பத்து மடங்கு!

வெளிச்சம் குறைந்த அறையில் கமரா ஒளியைச் சேகரிக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அதற்குள் கை சற்று அசைந்துவிடும். அரை மில்லிமீற்றர் புள்ளி, ஒன்றரை மில்லிமீற்றர் தூரத்துக்கு இழுபட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் கருமை அவ்வளவு இடத்துக்கும் பரவி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வெளிறிவிடும். நீண்ட கோட்டுக்கு அந்தக் கதி இல்லை. அசைவு கோட்டின் திசையிலேயே இருந்தால், கோட்டின் மேலேயே கோடு விழுந்து கருமை குறையாது. அதனால்தான் 2உம் 5உம் தப்பின, நடுவில் கொஞ்சம் இடைவெளி மட்டும் மிஞ்சியது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே ஆபத்துத்தான். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

திரும்ப எடுக்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகப் பஞ்சுபோல் இருந்து, பின்னாலுள்ள மேசை விரிப்பின் பூ மட்டும் தெளிவாகத் தெரிந்தால் குவியம் தவறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

தம்பியின் படத்தில் இழுபட்ட கோடுகளே இருந்தன. ஆகவே விடிந்ததும் அட்டையை ஜன்னலோர மேசையில் வைத்தோம். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, மூன்று செக்கன் டைமர் போட்டோம். பொத்தானை அழுத்தும் விரலே கைபேசியை அசைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிளாஷ் போடவில்லை, வெள்ளித்தாளில் அது பளிச்சென்று அடித்து எழுத்தையே தின்றுவிடும்.

குவியம் தவறியிருந்தால் பெரும்பாலும் மிக நெருங்கிப் போனதுதான் காரணம். ஓர் அடி தள்ளிப் பிடித்து, திரையில் எழுத்தின் மேல் விரலால் தொட்டு, எடுத்த பின் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். மங்கிய படத்தைச் செயலியில் கூர்மையாக்குவது எனக்குப் பிடிக்காது. விளிம்புகள் கறுக்குமே தவிர, பதிவாகாத புள்ளி திரும்பி வராது.

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். அதனால் இரண்டாவது படத்தைக் கோப்பாகவே அனுப்பினோம். அனுப்புமுன் தம்பி அதைப் பெரிதாக்கி வேறொன்றையும் பாராமல் புள்ளியை மட்டும் தேடினான். இருந்தது. கீழே, 'இரண்டு தசம் ஐந்து' என்று எழுத்திலும் தட்டச்சு செய்தான்.