ஒற்றை டிக்

ரெண்டு நாளா ஸ்டோர்ல ஏலக்காய் தரம் பிரிக்கிற அக்கா வரல. போனும் பண்ணல.

வண்டன்மேட்டுல மழை விடாம அடிக்குது.

"ஏன் வரல?"ன்னு அனுப்பலாம்னு நெனச்சு அழிச்சேன். அந்தக் கேள்விக்கு, வேலை போயிடுமோன்னு பயந்தே பதில் வராது.

கடைசியா இதை வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன்:

"அக்கா, நல்லாருக்கீங்களா? வேலையப் பத்திக் கவலப்படாதீங்க, உங்க எடம் அப்படியே இருக்கு. காரணம் சொல்லணும்னு இல்ல. நல்லாருந்தா 'ம்'னு மட்டும் போடுங்க. ஆஸ்பத்திரிக்கோ பணத்துக்கோ உதவி வேணும்னா 'வா'ன்னு போடுங்க."

ஒற்றை டிக்தான் விழுந்துச்சு. அப்படின்னா மெசேஜ் அவங்க போனுக்கே போகல. சார்ஜ் இல்லாம இருக்கலாம், டவர் இல்லாம இருக்கலாம். ரெண்டு டிக் விழுந்தும் பேசலைன்னா அது வேற மாதிரி மௌனம், அப்போ கொஞ்சம் காத்திருக்கலாம். மழைக்காலத்துல ஒற்றை டிக்குக்குக் காத்திருக்கக் கூடாது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில லயங்கள் மேல மலை சரிஞ்சு 70 பேர் போனாங்க. கரண்டும் இல்ல, போன் தொடர்பும் இல்ல. சேதி வெளிய வர மறுநாள் காலை ஆச்சு.

அதனால அக்கா வீட்டுப் பக்கம் போற ஜீப் டிரைவர்கிட்ட, கதவத் தட்டிப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிருக்கேன். "மேனேஜர் தேடுறார்"னு சொல்லாதீங்க, "நல்லாருக்கீங்களான்னு கேட்டார்"னு மட்டும் சொல்லுங்கன்னேன்.

இன்னும் ஜீப் திரும்பல.

உங்க தோட்டத்துல ஒருத்தர் வரலைன்னா, மொதல்ல யார் போய்ப் பாக்குறாங்க?